ஆச்சியின் அம்மைத் தழும்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைக்குள் அடங்காமல் ஊருக்குள் வந்து போனது. அதன் பிறகு இரண்டு மாதம், பாளையங்கோட்டையில் பழைய படங்களைச் சீராக்கிக் கொடுக்கும் என் சின்னக் கடைக்கு ஈரப் படங்களாகவே வந்துகொண்டிருந்தன. கல்யாணப் படம், பள்ளிக்கூடக் குழுப் படம், மாலை போட்டு மாட்டியிருந்த பெரியவர்களின் படம். சிலவற்றைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கொண்டுவந்தார்கள். அவர்கள் புத்திசாலிகள். பாதி பேர் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படிக் காய்ந்த படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு நனைந்தால் பசையாகும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கண்ணாடியிலிருந்து பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

அப்படி ஒட்டிய ஒரு படத்தில்தான் என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு நடந்தது.

கொக்கிரகுளத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம். ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம். காதில் பாம்படம் தொங்க, கண்ணாடிப் புட்டி வைத்த முக்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஆச்சி. வெள்ளம் நின்ற மட்டத்துக்குப் படத்தின் குறுக்கே ஒரு வண்டல் கோடு. முகத்திலும் சேலையிலும் பின்னணித் திரையிலும் பொடிப்பொடியாகப் பூஞ்சைப் புள்ளிகள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். அதுவரை எல்லாம் சரி. அம்மாவின் திதிக்குப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றார். படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும். அதைப் பதினெட்டு அங்குலமாகப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும். சுவரில் மாட்டிப் பார்க்கப் போதும்.

தவறு அடுத்த நிமிடத்தில் தொடங்கியது. ஸ்கேனைச் சாதாரண ஜேபெக் கோப்பாகச் சேமித்தேன். "கறுப்பு வெள்ளைதானே" என்று நிறத்தை நீக்கினேன். அந்த ஒரே கோப்பில் வண்டல் கோட்டை எடுத்துவிட்டு, அதன் மேலேயே சேமித்து, ஒரு சின்னப் பிரதியை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அவர் வந்து, நெற்றியில் இன்னும் புள்ளி இருக்கிறது என்றார். எடுத்தேன், சேமித்தேன். அதற்கடுத்த வாரம் கன்னத்தில் சொரசொரப்பாக இருக்கிறது என்று அவருடைய மகன் சொன்னான். எடுத்தேன், சேமித்தேன். தோளில் ஒரு கீறல், சேலைத் தலைப்பில் ஒரு கறை, மறுபடியும் கன்னம். ஆறு முறை அதே கோப்பைத் திறந்து மூடினேன். செய்ததைத் திரும்பப் பெறும் வசதி மென்பொருளில் உண்டு என்கிற தைரியம். கோப்பை மூடியதும் அந்த வரிசை காணாமல் போகும் என்பது தெரியாதவனா நான்? தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

பெரிய படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். திதிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த மூத்த அக்கா மறுநாள் படத்தோடு கடைக்கே வந்துவிட்டார். மேசையில் வைத்துவிட்டு, "இது யார் தம்பி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். "எங்கள் அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. இரண்டு கன்னத்திலும் தழும்பு. அந்தக் கன்னத்தைத் தடவித்தான் நாங்கள் வளர்ந்தோம்."

பூஞ்சை என்று நினைத்து நான் எடுத்ததில் பாதி அம்மைத் தழும்பு. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அதற்குப் பிறகு பிறந்த எனக்கு அந்தத் தழும்பைப் பக்கத்தில் பார்த்துப் பழக்கம் இல்லை. படத்தில் இருந்த முகம், நவராத்திரிக் கொலுவில் வைக்கும் பொம்மை போல வழவழவென்று இருந்தது. பாம்படம் மட்டும் ஆச்சியுடையது.

சரி, பழைய ஸ்கேனிலிருந்து திரும்பச் செய்யலாம் என்று தேடினால், பழைய ஸ்கேன் எங்கே இருக்கிறது? அதன் மேல்தான் ஆறு முறை சேமித்திருக்கிறேனே. படத்தையே மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்றால், ஸ்கேன்தான் ஆகிவிட்டதே என்று அண்ணாச்சியின் மருமகன் பிளேடு வைத்துக் கண்ணாடியிலிருந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். வலது கண்ணும் கன்னமும் கண்ணாடியில் இருந்தன. மீதி காகிதத்தில் இருந்தது.

மிஞ்சியது, முதல் நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி. நீளவாக்கில் 1600 பிக்சல். அதைப் பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. தழும்புகள் தெரிந்தன, ஆனால் சுருக்கும்போது வந்த கட்டங்களும் தெரிந்தன. கடைசியில் அதிலிருந்து தபால் அட்டை அளவில் ஒரு படம் செய்துகொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டார். பெரிய படத்துக்கு நான் பணம் வாங்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

அதன் பிறகு பல நாள் அந்தக் கெட்டுப்போன கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் எந்த இடத்தில் தொலைந்தது என்று பார்த்தேன். ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்ததால்தான் கெட்டது என்று முதலில் நினைத்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வது அதுதான். அது பாதி உண்மை. ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சேமிக்கும். திறந்து பார்ப்பதால் ஒன்றும் கெடாது. சேமிக்கும்போதுதான் கெடும். அதிலும், மாற்றாத இடங்கள் அதே தரத்தில் இரண்டு மூன்று முறை சேமித்த பிறகு ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். நாம் கைவைத்த இடங்கள்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக நசுங்கும். என் கோப்பில் திரைச்சீலையும் முக்காலியும் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. கெட்டது முகம்.

காரணம் நீக்கும் வேலையிலேயே இருந்தது. புள்ளியை எடுக்கும் ஹீலிங் பிரஷ் என்ன செய்கிறது? நாம் காட்டும் நல்ல இடத்திலிருந்து பரப்பின் சொரசொரப்பை எடுத்து, புள்ளி இருக்கும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கலந்து ஒட்டுகிறது. பழைய படத்தில் அந்தச் சொரசொரப்பு என்பது வெள்ளித் துகளின் மணல் போன்ற பொடி. பிரஷின் ஓரம் மென்மையாக இருப்பதால், ஒட்டிய துண்டின் விளிம்பில் இரண்டு இடத்து மணலும் ஒன்றின் மேல் ஒன்று கலந்து சராசரியாகிறது. சராசரியானால் மணல் குறையும், வழவழப்பு கூடும். ஒரு முறை செய்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டாம் வாரம் கன்னத்தில் இன்னொரு புள்ளியை எடுக்கும்போது நான் எங்கிருந்து எடுத்தேன்? முதல் வாரம் ஒட்டிய இடத்திலிருந்து. மூன்றாம் வாரம், இரண்டாம் வாரத்து ஒட்டிலிருந்து. நான்காவது முறை நான் பார்த்துப் பார்த்து எடுத்த தோல் ஆச்சியுடையதே இல்லை, என்னுடைய பழைய ஒட்டுகளின் ஒட்டு. மாவு தீர்ந்த பிறகும் தண்ணீர் ஊற்றித் தோசை சுட்டுக்கொண்டே இருந்த கதை.

நிறத்தை நீக்கியது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். பூஞ்சையும் வண்டலும் பழுப்பு. அம்மைத் தழும்பு வெறும் நிழல், அதற்கு நிறம் இல்லை. நிறத்தோடு ஸ்கேன் செய்த படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தளங்களையும் தனித்தனியே பார்க்கலாம். பழுப்புக் கறை நீலத் தளத்தில் கறுத்துத் தெரியும். சிவப்புத் தளத்தில் வெளிறிப்போகும், சில இடத்தில் காணாமலேகூடப் போகும். தழும்பு மூன்றிலும் ஒரே மாதிரி நிற்கும். இரண்டு தளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் எது கறை, எது கன்னம் என்று படமே சொல்லியிருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. பூஞ்சைக்கு முகமும் திரையும் ஒன்றுதான், எல்லா இடத்திலும் பரவும். தழும்பு தோலில் மட்டும் இருக்கும், அதிலும் வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பு மின்னும், உள்ளே வெளிச்சம் வரும் பக்கம் இருண்டிருக்கும். குழி என்றால் அப்படித்தானே இருக்கும்.

என் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வார். தெரியாமல் விழுந்த கறுப்பைக் கத்தி முனையால் சுரண்டுவார். யாராவது வீட்டில் இருந்த ஒரே பழைய படத்தைக் கொண்டுவந்தால், முதலில் அதைக் காப்பி ஸ்டாண்டில் வைத்து ஒரு நெகட்டிவ் எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த முதல் நெகட்டிவை உறையில் போட்டுத் தனியாக வைப்பார், அதில் பென்சில் படாது. கணினி வந்த பிறகு பிரதி எடுப்பது ஒரு நொடி வேலை ஆனது. ஒரு நொடி வேலை என்பதாலேயே நான் செய்யாமல் விட்டேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்கேன் செய்யும்போது ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும் தூசி நீக்கம், தானியங்கி நிறச் சீரமைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன். அவையும் நீக்கும் வேலைதான், நம்மைக் கேட்காமல் நடக்கிறது, அவ்வளவே. கறுப்பு வெள்ளைப் படமானாலும் முழு நிறத்தில், எதையும் தூக்கி எறியாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. மேலே சொன்ன அளவுக்கு அது 26 எம்.பி. வரும். கண்ணாடியோடு ஒட்டிய படத்துக்கு இன்னொரு கவனமும் வேண்டும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெலிந்த ஸ்கேனர்களில் பெரும்பாலானவை, காகிதம் தன் கண்ணாடியில் படிந்திருந்தால்தான் கூர்மையாகப் பார்க்கும். இரண்டு மில்லிமீட்டர் சட்டக் கண்ணாடி நடுவில் வந்தாலே படம் மங்கிவிடும். லென்ஸ் வைத்த பழைய கனமான ஸ்கேனர் அந்த உயரத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதற்காகவே ஒன்றைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

அந்த டிஃப் கோப்பு "மூலம்" என்ற அடைவுக்குள் போகிறது. உடனே அதன் பண்புகளில் படிக்க மட்டும் என்று குறியிட்டுவிடுகிறேன். தவறி அதன் மேல் சேமிக்கப் போனால் மென்பொருள் தடுக்கும். ஆனால் அந்தக் குறி ஒரு கதவுத் தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை. கோப்பை நகர்த்தவோ அழிக்கவோ வேண்டுமென்றால் எளிதாக முடியும். அதனால் கோப்பின் கைரேகையையும் எடுத்துவைக்கிறேன்.

```
certutil -hashfile achi_mulam.tif SHA256
```

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இந்தக் கட்டளை தரும் நீண்ட எழுத்து வரிசையை வாடிக்கையாளர் நோட்டில் ஒட்டிவைத்துவிட்டால் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கும்போது அதே வரிசை வந்தால் கோப்பில் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. ஒரு முறை மாறியிருந்தது. என்ன நடந்தது என்று விசாரித்தால், குறி போட மறந்த ஒரு கோப்பைக் கடைப் பையன் படுக்கைவாக்கில் இருக்கிறதே என்று திறந்து திருப்பி வைத்திருக்கிறான். பார்க்கும் மென்பொருள் கேட்காமலே சேமித்துவிட்டது. அந்தப் படத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை, இரண்டாவது வன்தட்டில் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டேன். அந்த வன்தட்டு மாடியில் இருக்கிறது. வெள்ளத்துக்கு முன் அதுவும் கீழேதான் இருந்தது.

மூலத்தின் பிரதி ஒன்று "வேலை" அடைவுக்குப் போகிறது. கை படுவது இதில் மட்டும். இதிலும் அடியில் இருக்கும் படத்தின் மேல் நான் எதுவும் செய்வதில்லை. அதற்கு மேல் கண்ணாடித் தாள் போல வெற்று லேயர் ஒன்று போட்டு, அதில் மட்டும் ஒட்டுகிறேன். ஃபோட்டோஷாப்பில் பிரஷுக்கு மேலே உள்ள பட்டையில் `Sample` என்ற இடத்தில் `Current & Below` என்று வைத்தால், கீழே இருக்கும் படத்திலிருந்து எடுத்து மேலே இருக்கும் வெற்று லேயரில் ஒட்டும். வண்டலுக்கு ஒரு லேயர், பூஞ்சைக்கு ஒன்று, கீறலுக்கு ஒன்று. வாடிக்கையாளர் மறுபடி வந்து புதிதாக ஒன்று சொன்னால் அதற்குத் தேதி போட்டு இன்னொரு லேயர்.

இதில் ஒரு நுணுக்கம், ஆச்சியின் படம் கற்றுத்தந்தது. புது லேயரைப் பழைய லேயர்களுக்கு மேல் போட்டால், கீழே இருக்கும் என் பழைய ஒட்டுகளும் சேர்ந்தே எடுபடும். மறுபடியும் ஒட்டின் ஒட்டு. அதனால் புது லேயரை எல்லாவற்றுக்கும் அடியில், மூலப் படத்துக்கு நேர் மேலே செருகுகிறேன். அப்போது அது எடுப்பது மூலத்தின் மணலை. பழைய ஒட்டின் மேலேயே திருத்தம் வேண்டுமென்றால், அந்த ஒட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி செய்கிறேன். ஒட்டின் மேல் ஒட்டு போடுவதில்லை. நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. மூலத்தை வேலைக் கோப்பின் உச்சியில் தனி லேயராக வைத்து, கலக்கும் முறையை `Difference` என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும், நான் தொட்ட இடங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கினால் நட்சத்திரம் போலப் பளிச்சிடும். திரையெங்கும் சிதறலாக இருந்தால் பூஞ்சை எடுத்திருக்கிறேன் என்று பொருள். கன்னத்தில் மட்டும் குவியலாக இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். ஆச்சியின் படத்துக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் இரண்டு கன்னமும் தீபாவளிபோல எரிந்திருக்கும். வாடிக்கையாளருக்கும் இதைக் காட்டுகிறேன். இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் நான் போட்டது, மற்றது படத்தில் இருந்தது என்று சொன்னால் அவர்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். "அங்கே ஒரு மச்சம் இருக்குமே" என்ற பேச்சு அப்போதுதான் வரும்.

வாட்ஸ்அப்புக்கும் அச்சுக்கும் போகும் ஜேபெக்குகள் ஒவ்வொரு முறையும் வேலைக் கோப்பிலிருந்து புதிதாகப் பிறக்கின்றன. போன ஜேபெக்கைத் திறந்து அதில் திருத்துவது இல்லை. லேயர்களை ஒன்றாக்குவதும் இல்லை, கோப்பு பெரிதாகிறது என்று எத்தனை பேர் சொன்னாலும்.

போன ஆண்டு சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தோடு வந்தார். ஓரத்தில் நிற்கும் அத்தான்முறைக்காரர் ஒருவரை எடுத்துவிட வேண்டும். வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை. எடுத்தேன். அடுத்த வாரம் வந்து, ஆள் போய்விட்டார், நிழல் தரையில் கிடக்கிறது என்றார். அதையும் எடுத்தேன். மூன்றாவது முறை, அப்பாவின் தோளில் இருந்த நான்கு விரல்கள். அந்தக் கை யாருடையது என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்களாம். மூன்றுக்கும் மூன்று லேயர்.

எட்டு மாதம் கழித்து அவரே வந்தார். மகள் கல்யாணத்துக்கு அந்த அத்தான் வீடு தேடி வந்து, கையைப் பிடித்து, எல்லாம் சரியாகிவிட்டதாம். இப்போது வீட்டுக்கு வருகிறவர், சுவரில் தான் இல்லாத படத்தைப் பார்த்துவிடக் கூடாது. "திரும்பக் கொண்டுவர முடியுமா தம்பி?"

மூன்று லேயர்களையும் காட்டும் கண் குறிகளை அணைத்தேன். ஆள் வந்தார், நிழல் வந்தது, விரல்கள் அப்பாவின் தோளுக்குத் திரும்பின. மணமக்கள் மேல் எடுத்த பூஞ்சை எடுத்தபடியே இருந்தது. ஆனால் நீக்கப் போகிறவர்தானே என்று அவர் மேல் இருந்த கறையை நான் அப்போது தொடவே இல்லை. வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளி. அரை நாள் வேலை இருக்கிறது, நாளை மாலை வாருங்கள் என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "சட்டையை விட்டுவிடுங்கள் தம்பி. அவர் வெற்றிலை போடுகிறவர், எப்போதும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.